கிழக்கு தெரியாத படம்

மேகம் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். அப்படிச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கூடவே மொபைலை நீட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்கோ, மழை வருமா?" என்றும் கேட்டுவிடுகிறார்கள். கல்யாண வீட்டில் கேட்டிருக்கிறார்கள், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது கேட்டிருக்கிறார்கள். பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனால், பக்கத்தில் உடைக்கிறவர் தலையைத் தூக்கி வானத்தைக் காட்டுகிறார். மழை வந்தால் என்னைத் திட்டுவார்கள். வராவிட்டால் நான் சொன்னதே நினைவிருக்காது.

திருவனந்தபுரத்தில் வானிலை அலுவலகத்தில் பல வருஷங்கள் மாடியில் நின்று பார்த்திருக்கிறேன். வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து எத்தனை பங்கு மேகம், எந்த வகை, எந்த உயரம், எந்தத் திசை என்று எழுதுகிற வேலை. முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்த பிறகு கீழே உட்கார்த்தி வைத்துவிட்டார்கள். பொதுஜனங்களும் பள்ளிக்கூடங்களும் அனுப்புகிற வானத்துப் படங்களைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் இருப்பது என்ன மேகம் என்று குறித்து வைக்க வேண்டும். எனக்குக் கொடுத்திருக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏ.சி. ஓடும், ட்யூப்லைட் எரியும், திரையில் வானம் வந்துகொண்டே இருக்கும். வெளியே வெயிலா மழையா என்று தெரியவேண்டுமானால் கான்டீனுக்குப் போய் வருகிறவர்களின் தலை நனைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

படம் அனுப்புகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் விதிகள் கொஞ்சம். எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது என்று எழுத வேண்டும். எப்போது எடுத்தது என்று எழுத வேண்டும். படத்தில் வானம் நீலமாகத் தெரியவேண்டும் என்று கலர் ஏற்றக் கூடாது. அகலமாகப் பிடிக்கிற லென்ஸில் எடுத்தால் மேகம் எல்லாம் சிறுத்துப் போகும், அதனால் கையை நீட்டி மூன்று விரலை வானத்துக்கு நேரே பிடித்து அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். அடிவானத்தை விட்டு நன்றாக மேலே தெரியும் சின்னச் சின்ன மேகத் துண்டு ஒரு விரலுக்குள் மறைந்தால் அது மிக மேலே உள்ளது. ஒரு விரலுக்கு மேல், மூன்று விரலுக்குள் என்றால் நடு உயரத்து இடைத்திரள், நாங்கள் ஆல்ட்டோ குமுலஸ் என்பது. மூன்று விரலிலும் அடங்காவிட்டால் தாழ்ந்த மேகம். திசை எழுதாத படத்தை யார் அனுப்பினாலும் தள்ளிவிடுவேன். ஒரு பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் இதற்காக என்மேல் புகார் எழுதிப் போட்டிருக்கிறார்.

என் தம்பி கல்ஃபில் இருக்கிறான். ஸ்ரீவராகத்தில் எங்கள் அப்பா அம்மா இருந்த வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுக்கவேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. அப்பா போனபோது அவனால் வர முடியவில்லை, பல மாதம் கழித்துத்தான் வந்தான். அம்மா போனபோது வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு தடவையும் அவன் வாசற்படியில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்ற விதத்தை நான் மறக்கவில்லை. மாடி எடுத்துவிட்டால் ஏதோ ஒன்று நேராகிவிடும் என்று அவன் நினைத்தான். அதில் என்ன தர்க்கம் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்துதான் இருந்தது.

அந்த ஐப்பசியில் லீவில் வந்தான். சுவர் எழும்பி, சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பியெல்லாம் கட்டி முடித்திருந்தார்கள். மேலே தளம் போடுவதுதான் பாக்கி. வார்ப்பு என்பார்கள் எங்கள் ஊரில். வார்ப்பு நாளில் முதல் சட்டி கான்கிரீட்டை வீட்டுக்காரர் தன் கையால் போடவேண்டும், வேலையாட்களுக்கு வயிறாரச் சாப்பாடு போடவேண்டும். அந்த முதல் சட்டிக்காகத்தான் அவன் வந்ததே. ஆனால் துலாவர்ஷம், அதுதான் வடகிழக்குப் பருவமழை, பிடித்துக்கொண்டது. காலையில் பளிச்சென்று வெயில், மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும். நாள் குறிப்பதும் தள்ளுவதுமாக அவன் லீவு கரைந்தது. மறுநாள் விடியும் முன் விமானம் என்கிற நிலைமைக்கு வந்துவிட்டது.

மேஸ்திரி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்த வருஷம் ஏற்கெனவே ஒரு வீட்டில் போட்ட தளம் ஈரம் காய்வதற்குள் மழையில் சிமெண்டுப் பால் கரைந்து போய்ச் சூடு பட்டிருந்தார். "வானிலை ஆபீஸ்ல இருக்க அக்கா சரின்னு சொன்னா சிமெண்டு மூட்டையப் பிரிக்கேன் சார். இல்லன்னா நான் தொடமாட்டேன்" என்று தம்பியிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். ஆக, அவன் முதல் சட்டி என் வாய்ச் சொல்லில் வந்து நின்றது.

அந்தக் கடைசி நாள் காலையில் நான் அலுவலகத்துக்கு இருட்டோடு வந்திருந்தேன். முந்தின நாள் படங்கள் மலையாகக் குவிந்திருந்தன. கண்ணில் மணல் போட்டது போல எரிச்சல். படம் வந்தது, பார்த்தேன், குறித்தேன், தள்ளினேன். கடற்கரையிலிருந்து ஒரு படத்தில் கீற்று மேகம், வெள்ளைப் பஞ்சை இழுத்துவிட்டது போல. குளிர்நாட்டுப் புத்தகங்களில் இதைக் கண்டால் ஓரிரு நாளில் மழை வரும் என்று எழுதியிருக்கும். இங்கே துலாவர்ஷக் காலையில் அது பெரும்பாலும் நேற்றைய இடிமேகத்தின் மிச்சம், தலைப்பாகம் கலைந்து மேலே தங்கிப்போனது. வேறொரு படத்தில் மெல்லிய திரை விரித்தது போன்ற மேகம், சூரியனைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தது. அந்த வட்டம் வந்தால் மேலே இருப்பது பனித்துகள் என்று சந்தேகமில்லாமல் எழுதலாம். திரை கனத்து, வட்டம் போய், சூரியன் மங்கலான கண்ணாடிக்குப் பின்னால் தெரிவது போல ஆகி, தரையில் நிழலும் விழாமல் போனால்தான் நீண்ட மழையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதற்கு நடுவில் தம்பியின் படம் வந்தது. வீட்டு மாடியிலிருந்து எடுத்தது. ஓரத்தில் தென்னை மரம், மேலே இரண்டு கீற்று, கீழே தட்டையாக நாலைந்து சின்ன வெள்ளைத் திட்டுகள். மீதியெல்லாம் நீலம். கீழே எழுதியிருந்தான். "அக்கா, வானம் தொடச்சு விட்டாப்பல இருக்கு. ஆரம்பிக்கலாமோல்லியோ? எல்லாரும் உன் பதிலுக்காக்கும் நிக்கறா."

அந்தப் படத்தில் இருந்த எதுவும் மழை மேகம் இல்லை. "ஒண்ணும் பயமில்லை, ஆரம்பி" என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். மனசில் ஒரு சின்ன சந்தோஷம் கூட இருந்தது. ஒரு தடவையாவது இந்தப் பாழாய்ப்போன வேலை அவனுக்கு உபயோகப்பட்டதே என்று.

அடுத்த படம் கிழக்கே மலைமேல் இருக்கும் போனக்காட்டிலிருந்து. அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு பெண் நாள் தவறாமல் அனுப்புவாள். சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு இறங்கி வந்த பிறகுதான் அனுப்ப முடியும் என்பதால் அவள் படம் எப்போதும் கொஞ்சம் தாமதமாக வரும். ஆனால் விதி ஒன்றையும் மீறமாட்டாள். மூன்று விரல், எடுத்த நேரம், திசை எல்லாம் இருக்கும். அன்றைக்கு எழுதியிருந்தாள்: கிழக்கு.

மலைமுகட்டுக்கு மேலே நீளமாக ஒரு மேக வரிசை. அடிப்பாகம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ஒரே மட்டம். அந்த மட்டத்திலிருந்து சின்னச் சின்னதாகக் கோபுரங்கள் கிளம்பியிருந்தன, சில அகலத்தைவிட உயரம் அதிகமாக. விரலோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் அளவு. இடைத்திரளில் இது தனி ஜாதி. கோட்டை மதில் மாதிரி இருப்பதால் கேஸ்டெலானஸ் என்று பெயர். நடு உயரத்துக் காற்று நிலைகொள்ளாமல் மேலே கிளம்பத் துடிக்கிறது என்று அர்த்தம். காலையில் இதைப் பார்த்தால், வெயில் ஏறி, கீழே உள்ள ஈரக்காற்றும் மேலே கிளம்பிச் சேர்ந்துகொள்ளும்போது, மத்தியானத்துக்கு மேல் இடி விழ வாய்ப்பு நிறைய உண்டு. துலாவர்ஷத்தில் மேல்காற்று கிழக்கிலிருந்து வீசும். மலையில் கட்டுகிற மேகத்தை அது ஊருக்குள் தள்ளிக்கொண்டு வரும்.

தம்பியின் படத்தைத் திரும்ப எடுத்தேன். திசை எழுதவில்லை. ஹெட்மாஸ்டர் படத்தைத் தள்ளினவள், கூடப்பிறந்தவன் படத்தை இரண்டாம் தரம் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இப்போது பார்த்தேன். தென்னை ஓலை முழுவதும் வெயில் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. மேகத் திட்டுகளும் முகத்தில் வெளிச்சம் வாங்கியிருந்தன. எடுத்தவன் முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தால்தான் அப்படி விழும். காலைச் சூரியன் முதுகில் என்றால் அவன் பார்த்தது மேற்கு. கடல்பக்கம். இடவப்பாதி மழை, அதாவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, கடலிலிருந்து வரும், அதனால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் மழை என்றால் மேற்கே திரும்புகிற பழக்கம். ஐப்பசியில் அந்தப் பக்கம் பார்ப்பது, பஸ் போன திசையில் பஸ்ஸை எதிர்பார்ப்பது.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. முழங்காலைத் திட்டிக்கொண்டே மாடிப்படி ஏறினேன். மேலே போய்க் கிழக்கைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்தது. போனக்காட்டுப் பெண் காட்டிய அதே மதில், இங்கிருந்து கொஞ்சம் தாழ்வாக. அதற்குக் கீழே மலையோரத்தில் திரள் மேகங்கள் அந்த நேரத்திலேயே பூக்கோசு மாதிரி மேலே மேலே பொங்க ஆரம்பித்திருந்தன. அகலமாகத் தட்டையாகப் படுத்துக்கிடக்கும் திரள் ஒன்றும் செய்யாது. இப்படி விளிம்பு கூர்மையாக உயரத்தில் வளர்கிறதை நம்பக் கூடாது. அதன் தலை கலைந்து நார்நாராகிப் பட்டறைக்கல் போல விரிந்துவிட்டால் அது கார்திரள், இடி அதற்குள் இருக்கிறது.

அங்கேயே நின்று போன் போட்டேன். பின்னால் மிக்சர் மெஷினை ஓட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"மூட்டையப் பிரிச்சாச்சாடா?"

"இல்லே, தண்ணி ரொப்பிண்டிருக்கா. ஏன்?"

"பிரிக்காதே. இன்னிக்கு வேண்டாம்."

"நீதானேக்கா இப்போ ஆரம்பின்னே?"

"நீ அனுப்பினது மேற்கு. கிழக்கே இடி கட்டிண்டிருக்கு."

நான் அவனுக்குச் சமாதானமாக, "உன் தப்பு இல்லே. நம்மாத்து மாடிலேர்ந்து கிழக்கு தெரியாதே, அந்த ப்ளாட்டு மறைச்சுடறதே" என்றேன். எங்கள் தெருவுக்குக் கிழக்கே உயரமாக ஒரு ஃப்ளாட் வந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்குள் காலை வெயிலும் இல்லை, அந்தப் பக்கத்து வானமும் இல்லை.

"தெரியும்க்கா" என்றான். "காலம்பற தெருமுக்கு வரைக்கும் போய்ப் பாத்தேன். கிழக்கே ஒரு மாதிரி இருந்துது. அதாக்கும் மேற்கை எடுத்து அனுப்பினேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னை என்ன கோவில் வாசல் கிளி ஜோசியக்காரின்னு நெனச்சியா? நீ நீட்டற சீட்டை எடுத்துப் படிக்க?" என்று கத்தினேன். மாடியில் கருவிகளுக்குப் பக்கத்தில் நின்ற இளம் அதிகாரி திரும்பிப் பார்த்தார். "மேலே பத்துப் பேர் கம்பிக்கு நடுவிலே நிக்கப்போறா. இடி விழுந்தா யாருடா பதில் சொல்றது?"

"ஒரே ஒரு சட்டிதான்க்கா" என்றான். அவ்வளவுதான்.

கோபம் இறங்கிப்போய் வெறும் அயர்ச்சி மிஞ்சியது. அவன் என்னை ஏமாற்றப் பார்த்தான் என்பதைவிட, எந்த வானத்தைக் காட்டினால் அக்கா சரி சொல்வாள் என்று தெருமுக்கில் நின்று யோசித்திருக்கிறானே என்பதுதான் என்னைப் போட்டுப் படுத்தியது. மேஸ்திரியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "வேண்டாம் மேஸ்திரி" என்றேன். "சரிக்கா" என்றார் அவர், மறுபேச்சு இல்லாமல். மெஷின் சத்தம் நின்றது.

அன்றைக்கு மழை பெய்யவில்லை.

அதாவது, எங்கள் தெருவில் பெய்யவில்லை. மத்தியானத்துக்கு மேல் கிழக்கு முழுக்கக் கறுத்து, ஊரின் தலைக்கு மேலே சாம்பல் நிறத்தில் மேகத்தின் விரிந்த தலை வந்து கவிந்து, வரிசையாக இடித்தது. நெடுமங்காடு பக்கம் கொட்டித் தீர்த்ததாகச் சொன்னார்கள். ஸ்ரீவராகத்தில் நாலு துளி விழுந்து, தெருவில் போட்டிருந்த கோலத்தைக்கூடக் கலைக்காமல் நின்றுவிட்டது. எனக்கு எந்த மேகம் என்று தெரியும், ஏறக்குறைய எப்போது என்று தெரியும். எந்தத் தெரு என்று தெரியாது. முப்பது வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது தம்பி மாடியில் கம்பிகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். பெட்டி கட்டிக் கூடத்தில் வைத்திருந்தது. சமைத்து வைத்த சாப்பாட்டை ஆட்கள் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மேஸ்திரி மட்டும் இருந்தார். அவர்தான் எனக்காகப் பேசினார். "முத இடி கேட்டதும் நான் ஆளுகள எறக்கியிருப்பேன் சார். பாதில நின்ன தளம் ஒட்டாது, ஆயுசுக்கும் ஒழுகும். அக்கா சொன்னது நல்லதுக்குத்தான்." தம்பி தலையை ஆட்டினான். பிறகு கையை வானத்துக்கு நேரே நீட்டி உள்ளங்கையைப் பார்த்தான். காய்ந்திருந்தது. அதை என்னிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் நன்றாக நாலு வார்த்தை சண்டை போட்டிருக்கலாம்.

விடியும் முன் போய்விட்டான். ஏர்போர்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பின்னே என்ன, நீயே போட்டுடு அந்தச் சட்டியை" என்றான்.

கார்த்திகை பாதிக்கு மேல் மழை விட்டது. மேஸ்திரி நாள் கேட்டார். நான் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அந்த ஃப்ளாட்டு வாட்ச்மேனிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அதன் மொட்டை மாடிக்குப் போனேன். கிழக்கு முழுசாகத் தெரிந்தது. மலைக்கு மேலே தட்டையான அடியோடு, உயரத்தைவிட அகலமாக, சோம்பேறியாக நாலைந்து திரள் மேகங்கள். நடு உயரத்தில் ஒன்றுமில்லை. இருந்தும் நம்பாமல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அவை வளரவில்லை. மூன்று விரலை நீட்டிப் படம் எடுத்தேன். இத்தனை வருஷத்தில் யாருக்கும் வானத்தைப் படம் எடுத்து நான் அனுப்பினதில்லை. தம்பிக்கு அனுப்பினேன். கீழே விதிப்படி எழுதினேன்: கிழக்கு, காலை. இன்று வார்க்கலாம்.

முதல் சட்டியை நான்தான் போட்டேன். கனமாக இருந்தது. ஒரு பக்கம் மேஸ்திரி பிடித்துக்கொண்டார். போட்டது கம்பிக்கு நடுவில் சொத்தென்று விழுந்து பரவியது. ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்ற ஆரம்பித்தார்கள். அந்த இடத்தில் இருக்க வேண்டியவன் இல்லையே என்று எனக்கு அழுகை வந்தது. சிமெண்ட் தூசு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மத்தியானம் கல்ஃபிலிருந்து அவன் பதில் வந்தது. ஒரு படம் மட்டும். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மூலைக்கு மூலை நீலம். மேலே கீற்று இல்லை, நடுவில் திட்டு இல்லை, கீழே ஒரு கட்டடமோ மரமோ கூட இல்லை. எட்டில் பூஜ்யம். எந்த நிழலும் இல்லாததால் சூரியன் எந்தப் பக்கம் என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. திசை எழுதவில்லை.

பழக்க தோஷம். "திசை?" என்று எழுதி அனுப்பினேன்.

பதில் எழுதினான். "எந்தப் பக்கம் திரும்பினாலும் இதேதான்க்கா இங்கே."

விதிப்படி அந்தப் படத்தைத் தள்ளியிருக்க வேண்டும். வைத்துக்கொண்டேன்.